தண்ணி குடிக்கிற சீலை, குடிக்காத சீலை

2022 தை மாதம் அம்மம்மா மோசம் போனா. அந்தியேட்டி முடிஞ்ச பிறகும் அவவின்ர அலுமாரியைத் திறக்க வீட்டில ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. ஆனியில்தான் அம்மா திறந்தா. உள்ளே பத்தொன்பது சீலை, அம்மப்பாவின்ர ஆறு சேர்ட், மூன்று வேட்டி. அலுமாரி திறந்த செய்தி எப்படித்தான் பரவியதோ தெரியாது, அன்றிரவே மூன்று பக்கத்தாலும் உரிமை கோரல் வந்துவிட்டது. அக்கா அப்போது நாலு மாதக் கர்ப்பம், "பிள்ளைக்கு நப்பி தைப்பம்" எண்டா. ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மா, "அம்மாவின்ர சீலையில எனக்கு ஒரு போர்வை தைச்சு அனுப்புங்கோ" எண்டு குரல் பதிவு போட்டா. அம்மா மட்டும், "உதில பாதி அடுப்படிக்குத்தான் சரி" எண்டு சொல்லிவிட்டுப் போனா.

நானும் அக்காவும் மனம் சொன்னபடி பிரித்தோம். மிகவும் வடிவான சீலைகள் போர்வைக்கு, மிகவும் மெத்தென்றவை பிள்ளைக்கு, கறை பட்டவை அடுப்படிக்கு. ஒரு மாதத்துக்குள் விளங்கிவிட்டது, அந்தப் பிரிப்பு முழுக்கப் பிழை என்று.

எங்கட ஆட்கள் பழைய சீலையைப் பற்றி எழுதும்போது அது எப்போதும் நினைவாகவே வரும். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் மரத்தில் கட்டிய ஏணை, 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்கு மண்மூட்டையாகத் தைத்த கூறைச்சீலை. அந்த நினைவுகளுக்கு நான் எதிராள் இல்லை. ஆனால் நினைவு ஒரு துணியை இன்னொன்றாக மாற்றாது. பழந்துணியை எதற்கு எடுப்பது என்பதை அதன் நூலிடம் கேட்க வேண்டும், எங்கட மனதிடம் அல்ல. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் அதை ஒழுங்காகச் சொல்ல, நாங்கள் விட்ட பிழைகளிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் நப்பிகள்

அம்மம்மா கடைசிக் காலத்தில் விரும்பி உடுத்த இளநீலச் சீலை ஒன்று. கடையில் "கொட்டன் சாறி" எண்டு சொல்லித்தான் வாங்கியது. கன்னத்தில் வைத்தால் அவ்வளவு மெத்து. அதை வெட்டி, ஆறு மடிப்பாக அடுக்கி, நாலு பக்கமும் நடுவிலும் மெசினில் தைத்து ஒன்பது நப்பி செய்தோம். கடையில் விற்கிற மாதிரியே தடிப்பாக இருந்தது. பெருமையில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம்.

பிள்ளை வரும் வரை காத்திருக்காமல், பக்கத்து வீட்டில் பிறந்திருந்த குழந்தைக்கு இரண்டு கொடுத்தோம். அந்த வீட்டு ஆச்சி அடுத்த நாளே இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தா.

"பிள்ளை, உது தண்ணி குடிக்கிற சீலை இல்லை. மூத்திரம் முழுக்கத் தொடையால ஓடுது. நப்பி காய்ஞ்சபடி கிடக்கு, பிள்ளை நனைஞ்சு கிடக்கு."

"கொட்டன் எண்டுதானே ஆச்சி வாங்கினது?"

"கடைக்காரன் சொன்னதோ, சீலை சொன்னதோ?"

ஆச்சி கிணற்றடிக்குப் போய், ஒரு சொட்டுத் தண்ணியை விரலால் அந்த நப்பியில் விட்டா. சொட்டு மணி மாதிரி நின்றது. மெல்ல மெல்லப் பக்கவாட்டில் பரவியது. பிறகு தன்ர தோளில் கிடந்த பழைய நூல்சீலைத் தலைப்பை விரித்து அதில் ஒரு சொட்டு விட்டா. விழுந்த இடத்திலேயே மறைந்துவிட்டது. அந்த இரண்டு சொட்டும்தான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

நூலை எப்படி அறிவது

தண்ணிச் சொட்டுச் சோதனை எல்லாருக்கும் ஏலும். ஆனால் துணியை முதலில் கழுவிக் காயவிட்டுத்தான் செய்ய வேண்டும். கஞ்சி போட்ட துணியும், வாசனைக்கும் மெத்துக்கும் ஊற்றுகிற திரவத்தில் அலசிய துணியும் நல்ல பருத்தியாக இருந்தாலும் தண்ணியைத் தள்ளும். ஒரு நல்ல பழம்பருத்தியில் சொட்டு ஒன்றிரண்டு விநாடிக்குள் உள்ளே போய்விடும்.

காரணம் நூலுக்குள்தான் இருக்கிறது. பருத்தி இழை தண்ணியைத் தனக்குள்ளேயே இழுத்து ஊதும். பொலியெஸ்டர் என்பது சோடாப் போத்தல் செய்கிற அதே வகைப் பிளாஸ்டிக்கை இழுத்து எடுத்த நூல். தண்ணி அதன் உள்ளே போகாது, இழைகளுக்கு நடுவில் மட்டும் ஓடும். சாதாரண காற்றில் தொங்கவிட்டாலே ஒரு கிலோ காய்ந்த பருத்தி ஏறத்தாழ 85 கிராம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பொலியெஸ்டர் ஒரு கிலோவுக்கு 4 கிராம்தான் பிடிக்கும். அந்த இளநீலச் சீலை ஏன் கன்னத்துக்கு மெத்தாக இருந்தும் பிள்ளைக்கு உதவவில்லை என்பதற்கு இது போதும். மெத்து வேறு, உறிஞ்சல் வேறு.

இரண்டாவது சோதனை நெருப்பு. சீலை ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நூலை உருவி, நீளப்பாட்டு நூலையும் குறுக்கு நூலையும் தனித்தனியே, இடுக்கியால் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் தண்ணி வைத்துக்கொண்டு கொளுத்த வேண்டும். பருத்தி கடதாசி மாதிரி எரியும், மணமும் கடதாசி மணம்தான், மிஞ்சுகிற சாம்பல் விரலில் தூளாகும். பொலியெஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி உருகும், கருப்பாகக் கெட்டி மணியொன்று மிஞ்சும். கலப்புத் துணி எரியவும் செய்யும், சாம்பலுக்குள் கெட்டித் துகளும் கிடக்கும். எங்கட இளநீலச் சீலையில் நீளப்பாட்டு நூல் உருகியது, குறுக்கு நூல் எரிந்தது. ஒரு பக்க நூலை மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்போம்.

இந்த இரண்டு சோதனையையும் தாண்டி ஏமாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது. ரேயோன். அது மரக்கூழிலிருந்து செய்யப்படுவதால் பருத்தி மாதிரியே எரியும், தண்ணியும் நன்றாகக் குடிக்கும். ஆனால் நனைந்தவுடன் அதன் பலம் பாதியளவுக்கு விழுந்துவிடும். பருத்தி அதற்கு எதிர்மாறு, நனைந்தால் இன்னும் கொஞ்சம் பலம் கூடும். ஆகவே ஒரு நூலைக் காய்ந்தபடி இழுத்து அறுத்துப் பாருங்கள், பிறகு இன்னொன்றை நனைத்து அறுத்துப் பாருங்கள். நனைந்தது சட்டென்று அறுந்தால் ரேயோன். ஒவ்வொரு நாளும் நனைத்து, முறுக்கிப் பிழிகிற வேலைக்கு அது நிற்காது. இப்போது கடைகளில் தொங்குகிற நைற்றியில் கனக்க ரேயோன்தான்.

இப்படிப் பார்த்ததில் பத்தொன்பது சீலையில் முழுப் பருத்தி ஒன்பது மட்டும். ஆறு கலப்பு அல்லது முழுப் பொலியெஸ்டர், இரண்டு நைலெக்ஸ், ஒன்று ரேயோன், ஒன்று கூறைப்பட்டு. கூறையை அம்மா கையால் தொடவும் விடவில்லை. அது சரியும்தான், பட்டு இந்த மூன்று வேலையில் எதற்கும் உதவாது.

பூச்சி உருண்டை

ஒன்பது பருத்திச் சீலையில் நாலு அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவை. அவற்றுக்கு நடுவில் அம்மம்மா வெள்ளை நப்தலின் உருண்டைகள் போட்டிருந்தா. அந்த மணம்தான் எங்களுக்கு அம்மம்மா மணம். அக்கா முதலில் அந்த நாலையும்தான் பிள்ளைக்கு எடுத்து வைத்தா.

வீட்டுக்கு வந்த குடும்பநல மாது கதவடியில் வரும்போதே மணத்தைப் பிடித்துவிட்டா. "இந்தச் சீலையை பிள்ளையின்ர கிட்டவும் கொண்டு போகாதீங்கோ" எண்டா. நாங்கள் அது ஏதோ மூக்கடைப்புக்குச் சொல்கிறா என்று நினைத்தோம். அவ இருந்து விளங்கப்படுத்திய பிறகுதான் பயம் வந்தது.

சில பிள்ளைகளுக்கு, ஆண் பிள்ளைகளில் கூடுதலாக, ஜி6பிடி என்கிற நொதியம் பிறப்பிலேயே குறைவாக இருக்கும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நப்தலின் ஆவி மூச்சாலும் தோலாலும் உள்ளே போனால் அந்தப் பிள்ளைகளின் செங்குருதிக் கலங்கள் உடையத் தொடங்கும். அதனால் வரும் மஞ்சட்காமாலை கடுமையானால் மூளையையும் பாதிக்கும். 1963இல் கிரேக்க நாட்டு வைத்தியர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 21 கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். நப்தலினோடு வைத்திருந்த துணிகள்தான் காரணம். அதில் இறந்த பிள்ளைகளும் உண்டு. நொதியம் சரியாக உள்ள பிள்ளைகளும் முழுக்கத் தப்பவில்லை.

ஒருதரம் தோய்த்தால் போய்விடும் என்று நம்பி இருக்கக்கூடாது. நப்தலின் தண்ணியில் இலகுவில் கரையாது. வெயிலிலும் காற்றிலும் நாட்கணக்கில் கிடந்தால்தான் ஆவியாகிப் போகும். மணம் குறைந்துவிட்டது என்பதை அளக்க எங்களிடம் மூக்கை விட்டால் வேறு கருவி இல்லை, அந்த மூக்கோ பழகிப்போன மூக்கு. ஆகவே என் கருத்து வெட்டொன்று துண்டு இரண்டு: பூச்சி உருண்டையோடு கிடந்த துணி, அது எவ்வளவு நல்ல பருத்தியாக இருந்தாலும், குழந்தைப்பிள்ளைக்கு வேண்டாம். நப்பிக்கும் வேண்டாம், ஏணைக்கும் வேண்டாம். எங்கட நாலு சீலையும் போர்வைப் பக்கம் போனது.

நப்பிக்குக் கடைசியில் எடுத்தது

மிச்சம் ஐந்து பருத்திச் சீலை. இரண்டு கையாலும் பிடித்துப் பெருவிரலால் நடுவில் அழுத்திப் பார்த்தோம். ஒன்று அழுத்தினதும் பிரிந்தது, அது அடுப்படிக்கு. மூன்று சீலையை நப்பிக்கு எடுத்தோம். ஒன்று ஏணைக்கு. ஏணைக்கு எடுத்ததுதான் ஐந்திலும் பலமானது, பிள்ளையின் முழுப் பாரத்தையும் அந்தச் சீலைதான் தாங்க வேண்டும்.

நப்பிக்குப் பழந்துணி புதுத்துணியை விட நல்லது என்பது வெறும் சிக்கனக் கதை இல்லை. புதுப் பருத்தியில் கஞ்சியும் மெருகும் இருக்கும், அது பல தோய்ச்சலில்தான் போகும். அம்மம்மா இருபது வருசம் தோய்த்த சீலையில் அது எப்போதோ போய்விட்டது. ஆனால் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். சரிகைக் கரையை முழுக்க வெட்டி எடுக்க வேண்டும், அது பிள்ளையின் தோலை அராவும். கடும் நிறச் சீலையைச் சுடுதண்ணியில் நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்க்க வேண்டும். நிறம் ஏறினால் அது நப்பிக்கு ஆகாது.

ஒரு சீலை ஐந்தரை மீற்றர் நீளம், கரை போக ஒரு மீற்றர் அகலம். ஆச்சி கத்தரிக்கோலை ஓரத்தில் சின்னதாக வெட்டத்தான் பாவித்தா, மிச்சத்தைக் கையால் கிழித்தா. பருத்தி நூலோட்டத்தில் நேராகக் கிழியும், கோணாது. அரை மீற்றருக்கு ஒரு கிழிப்பு. ஒரு சீலையில் பதினொரு துண்டு வந்தது. கொய்யகம் தரையில் உரசிய பக்கமும் இடுப்பில் செருகிய பக்கமும் நைந்திருந்ததால் இரண்டு துண்டு கழிந்தது. மிச்சம் ஒன்பது. மூன்று சீலையில் இருபத்தேழு நப்பி. பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு போகும், மழைக்காலத்தில் ஒன்று காய இரண்டு நாள் எடுக்கும். ஆகவே இருபத்தைந்துக்குக் குறைந்தால் கஷ்டம்தான்.

எங்கட இரண்டாவது பிழை இங்கேதான் திருந்தியது. ஆறு மடிப்பைச் சேர்த்துத் தைத்தால் தோய்க்கும்போது சவர்க்காரம் நடுவில் நிற்கும், காயும்போது ஈரம் நடுவில் நிற்கும். வெளியில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மணந்து பார்த்தால் புளிச்ச மணம். ஆச்சி ஒரு துண்டையும் தடிப்பாகத் தைக்கவில்லை. விளிம்பு பிரியாமல் ஒற்றை மடிப்புத் தையல் மட்டும். ஒரு மீற்றருக்கு அரை மீற்றர் துண்டை இரண்டாக மடித்தால் சதுரம், அதை முக்கோணமாக மடித்தால் நாலு தட்டு. நடுவில் பழைய வேட்டித் துண்டொன்றைப் பட்டையாக மடித்து வைக்க வேண்டும். தடிப்பு மடிப்பில்தான் வர வேண்டும், தையலில் இல்லை. கொடியில் போடும்போது அது திரும்ப ஒற்றைத் தட்டுச் சீலை.

அடுத்தது தோய்ச்சல். இது யாழ்ப்பாணத்துக்கென்றே உள்ள சிக்கல். எங்கட கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் வெட்டினவை, தண்ணியில் கல்சியம் கூட. கட்டிச் சவர்க்காரம் அதோடு சேர்ந்தால் நுரை வராது, வெள்ளைக் கசடுதான் வரும். அது பருத்தி இழையில் படிந்துகொண்டே போகும். இரண்டு மூன்று கிழமையில் நப்பி காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும், நல்ல பருத்தியே தண்ணியைத் தள்ளத் தொடங்கும், பிள்ளைக்கும் சிவந்து போகும். துணி பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடுவார்கள். துணியில் பிழை இல்லை, படிந்த கசடுதான் பிழை.

நாங்கள் கட்டியை விட்டுவிட்டு, மணம் குறைந்த சலவைத்தூளைக் கொஞ்சமாகப் போட்டு, சுடுதண்ணியில் தோய்த்து, நுரையும் வழுவழுப்பும் போகும்வரை அலசினோம். மெத்தாக்குகிற திரவத்தை வீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லை. பிள்ளை பிறந்தது கார்த்திகையில். துணி காயாமல் எங்களை அழவைத்த அதே மழைதான் கடைசி அலசலுக்குக் கல்சியம் இல்லாத தண்ணியையும் தந்தது. கூரைப் பீலிக்குக் கீழே அண்டா வைத்துப் பிடித்தோம். காயாத நாளில் சூடான ஸ்திரிக்கைப்பெட்டியால் ஒவ்வொன்றாக அழுத்திக் காயவைத்தோம். தொண்ணூறுகளில் சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்ததையும், அந்த மணத்துக்கு மாடு வந்து கொடியில் கிடந்த துணியைச் சப்பியதையும் அம்மா அந்த நேரம்தான் சொன்னா.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் போனபோது, வெளியிலிருந்து வருகிற பம்பர்ஸ் எங்கட கைக்கு எட்டாத விலைக்குப் போனது. துணிக்கு நாங்கள் திரும்பியது அதனால்தான், கொள்கையால் அல்ல. இரவுக்கும் கிளினிக்குப் போகிற நாளுக்கும் அக்கா பம்பர்ஸ்தான் கட்டினா. துணி நப்பி நனைந்தவுடன் மாற்ற வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு நப்பி என்றால் யாரோ ஒருவர் பன்னிரண்டு நப்பி தோய்க்க வேண்டும். எங்கட வீட்டில் முதல் கிழமை அது அம்மாவின் தலையில் விழுந்தது, பிறகு நானும் அத்தானும் முறை வைத்தோம். தோய்க்காத ஆம்பிளை துணி நப்பியின் அருமையைப் பற்றிப் பேச வேண்டாம்.

போர்வைக்குப் பலம்

நப்பிக்கு நைந்த துணி நல்லது. போர்வைக்கு அது ஆகாது. இதைத்தான் நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம். அம்மம்மா அதிகம் உடுத்த சீலை நினைவு அதிகமுள்ள சீலை, அதனால் அது போர்வையின் மேல்பக்கம் வர வேண்டும் என்று பெரியம்மா கேட்டா. அதிகம் உடுத்தது என்றால் அதிகம் தேய்ந்தது. மேல்பக்கம் போட்டால் முதல் தோய்ச்சலிலேயே தையல் ஓரமாகப் பிரியும்.

வங்காளத்தில் பழைய சீலையையும் வேட்டியையும் அடுக்கிக் காந்தா என்று தைக்கிறார்கள். பஞ்சு வைப்பதில்லை, சீலைகளே மேலும் கீழும் நடுவும். முன்பெல்லாம் தையல் நூலையும் பழைய சீலைக் கரையிலிருந்துதான் உருவினார்கள். எங்கட நாட்டுச் சூட்டுக்கும் கையால் தோய்ப்பதற்கும் இந்த முறைதான் பொருந்தும். நெருக்கமான ஓட்டுத் தையல் தேய்ந்த துணியின் பாரத்தைப் பலமான துணியோடு பகிர்ந்துவிடும்.

ஒன்றரை மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் நீளமும் உள்ள போர்வைக்கு ஒரு தட்டு மூன்று சதுர மீற்றர், நாலு தட்டுக்குப் பன்னிரண்டு. ஒரு சீலை கரையோடு ஆறு சதுர மீற்றருக்குக் கொஞ்சம் மேல். கணக்கில் இரண்டு சீலை போதும், கிழிசலும் கழிவும் போக எங்களுக்கு மூன்று போனது. கீழ்த்தட்டு நாலு சீலையையும் மூன்று கிழமை வெயிலில் போட்டு, பலமான இரண்டை வெளிப்பக்கங்களுக்கு எடுத்தோம். பெரியம்மா கேட்ட தேய்ந்த சீலை நடுவில் போனது. அவவுக்கு அதைச் சொன்னபோது கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ளுக்க இருக்கட்டும், அதுதான் சரி" எண்டா.

தரையில் விரித்து, சுருக்கம் தட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய தையலால் முதலில் பிடிக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி சேர்ந்து மேடு கட்டும். பிறகு இரண்டு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல். நூல் பருத்தி நூலாக இருக்கட்டும். துணியை விடப் பலமான நூல் துணியை அறுக்கும். நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம், துணி அறுந்தால் ஏலாது.

அம்மப்பாவின் சேர்ட்டுகளையும் போர்வையில் சேர்க்கப் பார்த்தோம். ஆறில் நாலு கலப்பு, பொலியெஸ்டர் 65, பருத்தி 35 என்று கழுத்துப் பட்டியிலேயே இருந்தது. ஒரு சாண் சதுரத்தில் சீலையையும் சேர்ட் துண்டையும் சேர்த்துத் தைத்து, கொதிதண்ணியில் போட்டு எடுத்தோம். சீலைத் துணி இன்னும் கொஞ்சம் சுருங்கியது, சேர்ட் சுருங்கவில்லை, துண்டு முழுக்க வெதும்பி நின்றது. ரொறன்ரோவில் அது மெசினில் சூட்டில் காயப்போகிற போர்வை. ஆகவே முழுப் பருத்தியான இரண்டு சேர்ட்டின் முதுகுப் பக்கத்தை மட்டும் எடுத்தோம். சேர்ட்டில் முதுகுதான் பெரிய, தேயாத துண்டு. கழுத்துப் பட்டியும் கைப்பட்டியும் உள்ளே விறைப்புத் துணி ஒட்டினவை, எதற்கும் உதவாது.

அடுப்படிக்கு

மிச்சமெல்லாம் துடைக்கிற துணி என்று நினைப்பதும் பிழை. தண்ணி குடிக்காத சேர்ட் மேசையைத் துடைக்காது, தண்ணியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளும். நைந்த வேட்டித் துண்டு கண்ணாடிக்கும் குத்துவிளக்குக்கும் நல்லது, பருத்திச் சீலை நிலத்துக்கு. நைலெக்ஸ் துணி முரடு, அதைச் சுருட்டிக் கட்டினால் சட்டி தேய்க்கலாம். கலப்புச் சேர்ட்டும் சீலையும் தண்ணி படாத வேலைக்கு: தையல் மெசினுக்கு உறை, சந்தைக்குக் கொண்டு போகிற பை. பலமும் இருக்கும், கெதியாகக் காயும்.

சட்டி இறக்குகிற பிடிதுணிக்கு மட்டும் ஒரு சலுகையும் இல்லை. பொலியெஸ்டர் 250 பாகை செல்சியசுக்குக் கொஞ்சம் மேல் உருகும், அதற்கு முதலே இளகும். காய்ந்த தாச்சியின் விளிம்பு அந்தச் சூட்டுக்குப் போகும். பருத்தி கருகும், கை சுடுகிறது என்று தெரிந்ததும் விட்டுவிடலாம். உருகின பொலியெஸ்டர் தோலில் ஒட்டும், விட ஏலாது.

அடுத்த அலுமாரி

தில்லியில் 1999இல் அன்சு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒருவருக்கும் தேவைப்படாமல் குவிந்து கிடந்த பழைய உடுப்புகளை வகை பிரித்தது. அவர்கள் பெண்களுக்கான மாதவிடாய்த் துணி தைப்பது பருத்தியில் மட்டும். நிறத்தையோ வடிவையோ பார்க்க முதல் நூலைப் பார்க்கிறார்கள். எங்கட ஊரில் துணி சேர்த்துக் கொடுக்கிற இளைஞர்களிடம் நான் கேட்பதும் அதுதான். மூட்டையைக் கட்ட முதல் ஒரு கிண்ணம் தண்ணி எடுத்துக்கொண்டு இருங்கள்.

அக்காவின் மகனுக்கு இப்போது நப்பி தேவையில்லை. அந்த இருபத்தேழில் மிஞ்சியவை இரண்டாம் முறை அடுப்படிக்கு வந்து, துடைத்துத் துடைத்து நூலாகிப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு பருத்திச் சீலைக்கு இப்படி இரண்டு மூன்று வாழ்க்கை இருக்கிறது. பொலியெஸ்டருக்கு உடுத்துகிற வாழ்க்கையோடு அநேகமாக முடிந்துவிடும், பிறகு பையும் உறையும்தான். ஒரு வீட்டுக்கு எத்தனை பை வேண்டும்?

போன கிழமை என்ர அலுமாரியைத் திறந்து, கிண்ணத்தில் தண்ணி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பதினேழு சேர்ட்டில் தண்ணி குடித்தவை நாலு. அம்மம்மாவின் அலுமாரியில் பாதிக்கு அருகில் இருந்தது, எனக்கு வரும்போது கால்வாசியும் இல்லை. இனி வாங்கும்போது கழுத்துப் பட்டியைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவ அந்தப் பதினேழையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "உன்ர பேரப்பிள்ளை எதில மூத்திரம் பெய்யப் போகுதோ" எண்டா.